ஜெல் வைத்தும் கரப்பான் போகவில்லை, மருந்தடித்தும் கரையான் வருகிறது, கேக் தின்றும் எலி ஓடுகிறது: எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது எப்படி

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர். நமக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: ஒரு வேதிப்பெயர், பக்கத்தில் ஒரு சதவீதம். அதுதான் மூல மருந்து. மற்றதெல்லாம் இரை, பசை, நிறம். இரண்டு கம்பெனிகளின் ஜெல்லில் ஒரே மூல மருந்து இருப்பதும் உண்டு, ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளில் வெவ்வேறு மருந்து இருப்பதும் உண்டு. "அந்த ஜெல் கேட்கவில்லை, வேறு வாங்கினேன், அதுவும் கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கியவர்கள்.

கரப்பான், கரையான், எலி மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கண்ணில் படுவது கொஞ்சம், மறைவில் இருப்பதே அதிகம். அதனால் பார்த்த இடத்தில் உடனே கொல்லும் மருந்து பெரும்பாலும் தோற்கும். தின்றதோ தொட்டதோ கூட்டுக்குத் திரும்பிப்போக அவகாசம் தரும் மெதுவான மருந்துதான் ஜெயிக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் வருபவை.

ஜெல் வைத்தது வைத்தபடி இருக்கிறது, கரப்பான் தொடவே இல்லை

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். சமையலறை அலமாரிக்குள்ளும் ஃப்ரிட்ஜ் பின்னாலும் கூட்டமாக இருப்பது சின்னக் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராது, வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக, இரவில் குளியலறைப் பக்கம் ஒன்றிரண்டாக வருவது பெரிய கரப்பான். அதன் வீடு சாக்கடைக் குழாயும் கழிவுத் தொட்டியும். வீட்டுக்குள் வைக்கும் ஜெல் முதலாவதற்காகச் செய்தது. இரண்டாவதற்கு வேலை வடிகால் வலையிலும், உள்ளே தண்ணீர் நிற்காமல் வறண்டுபோன தரை வடிகாலிலும், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்து இடைவெளியிலும் இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்காமல் ஜெல் வைத்தால், புதிதாக வருபவை வந்துகொண்டேதான் இருக்கும்.

சின்னக் கரப்பான்தான் என்றால், அடுத்த கேள்வி: அந்த இடத்தில் கடந்த சில வாரங்களில் ஸ்ப்ரே அடித்தீர்களா? டப்பாவை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். "த்ரின்" என்று முடியும் பெயர் இருந்தால், அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின், இமிப்ரோத்ரின் போன்றவை என்றால், அது பைரித்ராய்டு வகை. அந்தப் படலத்தின் மேல் கால் பட்டதும் கரப்பானுக்கு எரிச்சல் எடுக்கும். அங்கிருந்து விலகி வேறு சந்துக்குப் போய்விடும். அதே பரப்பில் வைத்த ஜெல்லை அது நெருங்கக்கூட வராது. ஜெல் மீதே ஸ்ப்ரே விழுந்திருந்தால் இன்னும் மோசம், இரையே விரட்டும் பொருளாகிவிடும். ஃபினாயில், வாசனைத் தரைக்கழுவி, ப்ளீச் படிந்த இடத்திலும் இதே கதைதான்.

சரிசெய்வது எளிது. பழைய ஜெல்லைச் சுரண்டி எடுங்கள். அந்தப் பரப்பைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். ஸ்ப்ரேயை அதன்பின் அந்த அறையில் எடுக்கவே வேண்டாம். ஜெல்லும் ஸ்ப்ரேயும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பு வேலை செய்யும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு.

ஸ்ப்ரே எதுவும் இல்லை என்றால் வைத்த இடம் தவறு. ஜெல் திறந்த சுவரின் நடுவிலோ தரையிலோ இருந்தால் பயனில்லை. கரப்பான் உடம்பின் மேலும் கீழும் ஏதாவது உரசும்படியான சந்தில்தான் தங்கும், கூட்டை விட்டு வெகுதூரமும் போகாது. அலமாரிக் கதவின் கீல், இழுப்பறை ஓடும் தண்டவாளத்தின் மூலை, சிங்க்குக்கு அடியில் குழாய் சுவரைத் தொடும் இடம், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரின் பின்பக்கத் தகடு, மேடைக்கல்லின் அடி விளிம்பு ஆகியவைதான் இடங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே வையுங்கள். அது அவற்றின் எச்சம்.

அளவிலும் தவறு நடக்கிறது. ஒரே இடத்தில் நாணயம் அளவு பிதுக்கி வைத்தால் மேல்தோல் காய்ந்து, உள்ளிருப்பது வீணாகும். மிளகளவு ஒரு புள்ளி, ஏறத்தாழ 0.1 கிராம், போதும். அப்படிப் பல புள்ளிகளை ஒன்றுக்கொன்று ஒரு சாண் தூரத்தில் வைப்பது நல்லது. அடுப்புக்கு மிக அருகிலும் வெயில் படும் இடத்திலும் ஜெல் இரண்டு மூன்று நாளில் கண்ணாடிபோல் இறுகிவிடும். நகத்தால் அழுத்தாமல் தீக்குச்சி நுனியால் தொட்டுப் பாருங்கள். குச்சியில் ஒட்டவில்லை என்றால் அதை யாரும் தின்னப்போவதில்லை, புதிதாக வைக்க வேண்டும்.

முதல் வாரம் நிறையச் செத்தன, மூன்று வாரம் கழித்துக் குட்டிகள் ஓடுகின்றன

இது தோல்வி இல்லை. பெண் கரப்பான் முட்டைக்கூட்டை வயிற்று நுனியில் சுமந்துகொண்டே திரியும், பொரிக்கும் தருவாயில்தான் விடும். ஒரு கூட்டில் 30 முதல் 40 குஞ்சுகள் இருக்கும். ஜெல் முட்டைக்கூட்டுக்குள் புகாது. முட்டை சுமக்கும் காலத்தில் தாய் அதிகம் வெளியே வந்து தின்பதும் இல்லை. ஆகவே ஜெல் வைத்த நாளில் கூட்டிலிருந்த முட்டைகள் மூன்று நான்கு வாரங்களுக்குள் பொரிந்து வெளியே வரும். அந்தக் குஞ்சுகள் வரும் நேரத்தில் அவற்றுக்குப் பக்கத்தில் புதிய ஜெல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இருக்காது. முதல் சுற்றில் தின்று தீர்த்திருக்கும், யாரும் மறுபடி வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே மூல மருந்தின் தேர்வு வித்தியாசம் காட்டும். பொரிந்த குஞ்சு முதல் நாட்களில் கூட்டை விட்டு வெளியே வராமல் பெரியவற்றின் எச்சத்தைத் தின்னும். மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தின்ற வளர்ந்த கரப்பான் கூட்டுக்குள் போய் எச்சமிட்டுச் சாகும். அந்த எச்சமும் பிணமும் குஞ்சுக்கு விஷம். இண்டாக்ஸாகார்ப் இதில் தேர்ந்தது. அது கரப்பானின் உடலுக்குள் போன பிறகே முழு வீரியமுள்ள பொருளாக மாறுகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும்கூடக் கடக்கும். ஃபிப்ரோனிலும் கடக்கும், ஆனால் இன்னும் வேகமாகக் கொல்லும். ஹைட்ராமெத்தில்னான் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வாரம் மறைவில் கிடக்கும் பிணங்களை அவசரப்பட்டுப் பெருக்க வேண்டாம். நடமாடும் இடத்தில் கிடப்பதை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஜெல்லுக்கு முந்தைய இரவு நான்கு பசை அட்டைகள் வைக்கிறோம். காலையில் ஃப்ரிட்ஜ் பின்னால் 22, சிங்க் அடியில் 14, அடுப்பு மேடை ஓரம் 5, வாசல் பக்கம் ஒன்றுமில்லை. ஆக ஃப்ரிட்ஜைச் சுற்றி 16 புள்ளி, சிங்க் அடியில் 14, மேடை ஓரம் 10, வாசலில் எதுவும் வேண்டாம். மொத்தம் 40 புள்ளி, 4 கிராம். 30 கிராம் சிரிஞ்சில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் ஃப்ரிட்ஜ் பக்கம் எல்லாம் காலி, மேடை ஓரம் பாதி அப்படியே இருக்கிறது. காலியான இடத்தில் மட்டும் திரும்ப வைக்கிறோம். பதினான்காம் நாள் அதே இடங்களில் அட்டை வைத்தால் 4, 3, 0 என்று வருகிறது. இருபத்தெட்டாம் நாள் பெரியவை ஒன்றுமில்லை, சிங்க் அடியில் எறும்பைவிடச் சற்றுப் பெரிய குட்டிகள் ஆறு. இதுதான் பொரிந்த கூடு. அங்கே பத்துப் புள்ளி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக. ஆறாவது வாரம் அட்டை சுத்தமாக இருந்தால் முடிந்தது.

அட்டை வைத்து எண்ணாமல் "குறைந்த மாதிரி இருக்கிறது" என்று கண்ணால் முடிவு செய்பவர்கள் இரண்டாம் சுற்றைத் தவறவிடுகிறார்கள்.

போன வருடம் இதே ஜெல் நன்றாக வேலை செய்தது, இப்போது தின்கிறது, சாகவில்லை

இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம், அடையாளமும் தனித்தனி. தின்கிறது, ஆனால் சாகவில்லை என்றால் மருந்துக்குப் பழகிவிட்டது. அருகில் வந்து மீசையாலும் வாயாலும் தொட்டுவிட்டு விலகிப் போகிறது என்றால் பிரச்சினை மருந்தில் இல்லை, இரையில் இருக்கிறது.

இரண்டாவது விசித்திரமானது, உண்மையானதும்கூட. ஜெல்களில் இனிப்புக்காகக் குளுக்கோஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. குளுக்கோஸ் தின்றவை செத்து, அதைப் பிடிக்காதவை பிழைத்துப் பெருகின. இப்படிக் குளுக்கோஸை வெறுக்கும் கரப்பான் கூட்டங்கள் இருப்பதை 1993-ல் பதிவு செய்தார்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது: அந்தக் கரப்பான்களின் நாவுணர்வு குளுக்கோஸைக் கசப்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே தொட்டுவிட்டு விலகினால், மூல மருந்து அதுவாகவே இருந்தாலும் வேறு இரைக்கலவை உள்ள ஜெல்லை முயன்று பார்க்கலாம்.

பழகிவிட்டதுதான் என்றால் மூல மருந்தின் வகையை மாற்றுங்கள். ஃபிப்ரோனில் ஒரு வகை. இமிடாகுளோபிரிட், டைனோடெஃபுரான், குளோதியானிடின் மூன்றும் ஒரே வகை, இவற்றுக்குள் மாற்றுவது மாற்றமே இல்லை. இண்டாக்ஸாகார்ப் தனி, ஹைட்ராமெத்தில்னான் தனி, அபாமெக்டின் தனி. ஒரு சிரிஞ்ச் முடியும்வரை, அல்லது மூன்று மாதம்வரை, ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வகைக்குப் போவது நல்ல பழக்கம். ஒரே நேரத்தில் இரண்டைக் கலந்து வைக்க வேண்டாம், எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஜெல்லின் சதவீதம் பெரிதாக இருக்கிறது, குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா

ஃபிப்ரோனில் ஜெல்லில் 0.05 சதவீதம், இமிடாகுளோபிரிட் ஜெல்லில் 2.15 சதவீதம் என்று பார்த்துவிட்டு இரண்டாவது நாற்பது மடங்கு ஆபத்து என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒப்பிட முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் கரப்பானைக் கொல்லத் தேவையான அளவு வேறு, மனிதனைப் பாதிக்கும் அளவும் வேறு. நாம் வைத்த 4 கிராமில் ஃபிப்ரோனில் என்றால் மொத்தமே 2 மில்லிகிராம், இமிடாகுளோபிரிட் என்றால் 86 மில்லிகிராம். அது முழுவதும் சந்துகளுக்குள் நாற்பது துளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அறை முழுக்க ஸ்ப்ரே அடித்து மூச்சில் இழுப்பதோடு ஒப்பிட்டால், சரியாக வைத்த ஜெல் மிகக் குறைந்த ஆபத்துள்ள வழி.

ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. புள்ளியை விட்டுவிடுங்கள், மேசை மேல் மூடியில்லாமல் கிடக்கும் இனிப்பு மணக்கும் சிரிஞ்சைத்தான் குழந்தையோ நாயோ எடுக்கும். பயன்படுத்தியதும் மூடி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். உணவு படும் பரப்பிலும் தட்டு அடுக்கும் இடத்திலும் புள்ளி வேண்டாம். முயல் வளர்க்கிறீர்கள் என்றால் ஃபிப்ரோனிலைத் தவிருங்கள், முயலுக்கு அது ஆகாது. தேனீ வரும் பால்கனியில் ஃபிப்ரோனிலோ இமிடாகுளோபிரிட்டோ வெளிப்படையாக வைக்கக் கூடாது. ஸ்ப்ரே அடிக்கும் வீட்டில் மீன்தொட்டி இருந்தால் பைரித்ராய்டு கொஞ்சம் கலந்தாலும் மீன் சாகும். பூனைக்குப் பெர்மெத்ரின் கொடிய விஷம், பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது.

கரையான் மண்குழாயை உடைத்து மருந்தடித்தேன், பத்து நாளில் அடுத்த சுவரில் வந்துவிட்டது

கரப்பானுக்குச் சொன்ன அதே தவறுதான். அடித்தது பைஃபென்த்ரினோ பெர்மெத்ரினோ என்றால் அது விரட்டும் மருந்து. மருந்து பட்ட இடத்தைக் கரையான் உணர்ந்து ஒதுங்கி, மருந்து படாத ஒரு விரிசலைத் தேடும். வீட்டைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் தொடர்ச்சியாக மண்ணில் இறக்கினால்தான் விரட்டும் மருந்து பயன்தரும். கண்ட இடத்தில் மட்டும் அடித்தால் கரையானை வீட்டின் வேறு மூலைக்கு அனுப்பி வைக்கிறீர்கள். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், குளோரான்ட்ரனிலிப்ரோல் ஆகியவற்றைக் கரையானால் உணர முடியாது. மருந்திட்ட மண்ணுக்குள்ளேயே நடந்து, உடம்பில் ஏற்றிக்கொண்டு, மற்றவற்றை நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கத்தால் கூட்டத்துக்குப் பரப்பும். வீட்டைச் சுற்றி முழு வேலை செய்ய முடியாத நிலையில் இவற்றில் ஒன்றுதான் பொருத்தம்.

வாங்குவதற்கு முன் இது மண்கரையான்தானா என்று உறுதி செய்யுங்கள். பென்சில் பருமனுக்கு மண்குழாய் தரையிலிருந்து சுவரேறினால் மண்கரையான். மண்ணே இல்லாமல், மரச்சாமானுக்கு அடியில் கசகசா போன்ற மணிகள் குவிந்து கிடந்தால், கையில் தேய்த்துப் பார்த்தால் மாவாகாமல் கடினமாக இருந்தால், அது உலர்மரக் கரையான். அந்த மணிகளை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆறு பட்டைகள் தெரியும். இந்த வகைக்கு மண்ணோடு தொடர்பே இல்லை. மண்ணில் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பலனில்லை. அந்த மரத்துக்குள்ளேயே துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும், அல்லது அந்தப் பலகையை எடுத்துவிட வேண்டும்.

மண்கரையானுக்கு வேலை தோற்கும் பெரிய காரணம் அளவுக் குறைவு. சுவரை ஒட்டி 15 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, ஒரு மீட்டர் நீளத்துக்கு, அஸ்திவாரத்தின் ஒவ்வொரு 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் 5 லிட்டர் கரைசல் என்ற கணக்கு உலகெங்கும் வழக்கத்தில் இருப்பது. அஸ்திவாரம் 60 சென்டிமீட்டர் என்றால் மீட்டருக்கு 10 லிட்டர். 12 மீட்டர் சுவருக்கு 120 லிட்டர். ஒரு கைத்தெளிப்பானில் பத்து லிட்டர் கரைத்துக்கொண்டு வந்து அரை மணியில் முடித்துவிட்டுப் போனால் என்ன நடந்திருக்கும் என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். எடுத்த மண்ணையும் கரைசலில் நனைத்துத்தான் மூட வேண்டும். தரை சிமென்ட் போட்டிருந்தால் சுவரோரம் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் விட்டத்தில், தளத்தைத் தாண்டி மண்ணைத் தொடும்வரை. துளையிடும் முன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். கரைக்கும் விகிதத்தை லேபிள் சொல்வதிலிருந்து மாற்ற வேண்டாம்.

குடிநீர்க் கிணறோ ஆழ்துளைக் கிணறோ பக்கத்தில் இருந்தால் மண்ணில் ஊற்றும் மருந்தே வேண்டாம். அங்கே ஹெக்ஸாஃப்ளுமுரான் போன்ற இரைப்பெட்டி முறை இருக்கிறது. அது கரையானின் தோலுரிப்பைத் தடுத்துக் கூட்டத்தை மெல்ல அழிக்கும், மாதங்கள் ஆகும். குளோர்பைரிஃபாஸ் கடையில் கிடைத்தாலும் வீட்டுக்குள் வேண்டாம். வாடையும் கடுமை, வளரும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு என்று தெரிந்த பொருள்.

வேலை செய்ததா என்று பார்க்க மண்குழாயை முழுவதும் சுரண்டி எடுக்காதீர்கள். நடுவில் மூன்று சென்டிமீட்டர் மட்டும் உடைத்துவிட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஈர மண்ணால் சில நாளில் அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. உணர முடியாத மருந்துகளில் முதல் சில வாரம் அடைப்பது சகஜம், இரண்டு மூன்று மாதம் கழிந்தும் அடைத்தால்தான் மருந்து படாத பாதை இருக்கிறது என்று பொருள்.

எலி கேக்கைத் தொடவில்லை, அல்லது தின்கிறது, குறையவில்லை

தொடவில்லை என்றால் எச்சத்தைப் பாருங்கள். அரிசியைவிடச் சிறிதாக, இரு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், வளைந்து கூரான முனையோடு இருந்தால் கூரையில் ஏறும் வீட்டெலி. இரண்டு சென்டிமீட்டர்வரை மொண்ணையாக இருந்தால் வளையெலி. கூர்மூக்கும் ஒருவித வாடையும் கொண்ட மூஞ்சூறு என்றால் அது பூச்சி தின்னி, தானியக் கேக்கை அது பெரிதாக மதிக்காது. எலி புதுப் பொருளைச் சந்தேகப்படும், இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் போகும். இடத்தை மாற்றாமல் விடுங்கள். சுண்டெலிக்கு அந்தச் சந்தேகம் குறைவு, ஆனால் சில மீட்டருக்குள்ளேயே வாழும். அதற்குச் சிறு துண்டுகளாகப் பல இடங்களில், வீட்டெலிக்கு ஓடும் பாதையில் சில இடங்களில்.

தின்கிறது, குறையவில்லை என்றால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். புரோமடியோலோன் 0.005 சதவீதம் உள்ள கேக் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. தின்று மூன்று முதல் ஏழு நாள் கழித்தே சாகும். அதனால்தான் எலிக்குத் தின்றதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரிவதில்லை. தீர்ந்ததும் திரும்ப வைத்து, பத்து நாளாவது தொடருங்கள். துத்தநாக பாஸ்பைடு நேர் எதிர், சில மணி நேரத்தில் வேலை செய்யும். குறைவாகத் தின்று பிழைத்த எலி அந்த ருசியை மறக்காது, அடுத்த முறை தொடாது. அதைப் போடுபவர்கள் விஷமில்லாத அதே இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்குவது அதற்காகத்தான்.

ஆனால் குழந்தையோ பிராணியோ உள்ள வீட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எலியின் பக்கம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தவறிப்போய் யாராவது தின்றுவிட்டால் முறிவு மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். புரோமடியோலோன், புரோடிஃபேகம், கூமாடெட்ரலில் வகைக்கு முறிவு உண்டு: வைட்டமின் கே1. மருந்து உடலில் நீண்ட நாள் தங்குவதால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கலாம், ஆனால் உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு முறிவு இல்லை. புரோமெத்தலினுக்கு இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்டுக்கும் இல்லை. அதில் இன்னொரு கொடுமை, முதல் நாள் வாந்திக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் தெளிந்ததுபோல் இருப்பார், அதற்குப் பிறகே ஈரல் செயலிழக்கும். "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குக் கூட்டிவந்து விடுகிறார்கள். பேஸ்ட் டியூபின் மேல் இந்தப் பெயரைப் பார்த்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு எலி வளைக்குள் போடுவதும் அப்படித்தான். அது விடும் வாயு சுவர் விரிசல் வழியாகப் படுக்கையறைக்கு வரும்.

கேக்கைத் தேர்ந்தாலும் திறந்த தரையில் வைக்க வேண்டாம். பூட்டுள்ள இரைப்பெட்டிக்குள், கம்பியில் கோத்து வையுங்கள். எலி துண்டை இழுத்துக்கொண்டு போய் வேறெங்கோ போட்டால் நாய்க்கு அது கிடைக்கும். மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் பாதிப்பு உண்டு, எனவே எலி பிடிக்கும் பூனை இருந்தால் கேக்கே வேண்டாம், பொறி வையுங்கள். ஓட்டுக்கூரையோ பொய்க்கூரையோ உள்ள வீட்டிலும் பொறிதான் நல்லது, கேக் தின்ற எலி எட்டாத இடத்தில் செத்து நாறும். அடிக்கும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியில் நுழையும், எலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். எஃகுக் கம்பிநாரைத் திணித்துச் சிமென்ட் பூசாதவரை புதிய எலி வந்துகொண்டே இருக்கும்.

யாராவது தின்றுவிட்டார்கள்

வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். பெட்டியையோ டியூபையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவருக்கு வேண்டியது மூல மருந்தின் பெயரும் சதவீதமும், எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்பதும், எத்தனை மணிக்கு என்பதும். பாஸ்பைடு என்றால் வாந்தியிலிருந்தே நச்சு வாயு வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாந்தி மேல் குனிய வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை என்றால் முதல் நாள் சோதனை சரியாக இருக்கும், அதை நம்பி நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து உறைதல் சோதனையை மறுபடி எடுக்க வேண்டும். நாய், பூனைக்கும் இதே வரிசைதான். பெட்டி கிடைக்கவில்லை என்றால் மீதமுள்ள துண்டைக் கையுறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.